டூரிஸ்ட் ஃபேமிலி: கதையை உடைக்காமல் வன்னியிலிருந்து ஒரு பார்வை

படம் வந்த மூன்றாம் நாளே கனடாவிலிருந்து மச்சான் போன் எடுத்து, கடைசிக் காட்சி எப்படி இருந்தது தெரியுமா என்று தொடங்கிவிட்டார். பாதியில் நிறுத்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதாகிவிட்டது. புதுப் படம் எங்களுக்கு வந்து சேர எப்போதும் கொஞ்சம் பிந்தும். அதற்குள் அதன் முடிவு உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி, போன் வழியாக எங்கள் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் நான் ஒரு கோடு போட்டுக்கொள்கிறேன். ட்ரெய்லரில் வந்ததையும் படத்தின் தொடக்கத்தில் வெளிப்படையாகத் தெரிவதையும் மட்டும் தொடுவேன். அந்தக் குடும்பத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது, யார் யாரைக் கண்டுபிடிக்கிறார்கள், எப்படி முடிகிறது என்பதற்கெல்லாம் போகமாட்டேன். பார்க்காதவர்கள் பயமில்லாமல் வாசிக்கலாம்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு வானில் ஒன்பது பேராக யாழ்ப்பாணம் போய்ப் பார்த்தோம். புதுக்குடியிருப்பிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். வவுனியாவிலிருந்து மாமா வந்தார். தமிழ்நாட்டு முகாமில் நெடுங்காலம் இருந்துவிட்டு நாடு திரும்பியவர். இவர்களோடு இருந்து பார்த்ததால்தான் இந்தப் படத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இவ்வளவு இருக்கிறது.

தெரிந்த அளவு கதை இதுதான். 2025 மே 1ஆம் தேதி வெளிவந்த படம். அபிஷன் ஜீவிந்துக்கு இயக்குநராக முதல் படம். சசிகுமாரும் சிம்ரனும் கணவன் மனைவி. இரண்டு ஆண் பிள்ளைகள். இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் வாழ வழியில்லாமல் இரவோடிரவாகப் படகேறி இராமேஸ்வரக் கரைக்கு வருகிறார்கள். அங்கிருந்து சென்னைக்குப் போய், தாங்கள் யார் என்பதை மறைத்துக்கொண்டு ஒரு குடியிருப்பில் வாழத் தொடங்குகிறார்கள். சிம்ரனின் சகோதரனாக யோகிபாபு. இசை ஷான் ரோல்டன். இதற்கு மேல் கதை வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் இந்தப் படத்தைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில் போய் நிற்கிறது: அவர்கள் பேசுகிற தமிழ். "அது எங்கட கதையே இல்லை" என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். "இவ்வளவாவது செய்தார்களே" என்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனால் உண்மையில் எது சரிவரவில்லை என்பதை யாரும் நிதானமாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

படத்தின் பெயரிலிருந்தே பார்ப்போம். தமிழ்நாட்டில் அதை 'டூரிஸ்ட்' என்று எழுதுகிறார்கள். எங்கள் ஊர்ப் பழைய பழக்கத்தில் எழுதியிருந்தால் 'ரூரிஸ்ற்' என்று வந்திருக்கும். ரொறன்ரோ, ரயர், ரிக்கற் என்றெல்லாம் நாங்கள் எழுதிவந்தது சும்மா இல்லை. 'காற்று', 'நேற்று' என்று சொல்லும்போது எங்கள் நாக்கு மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னால், ஈறில் போய் முட்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் அது 'காத்து', 'நேத்து' என்று பல்லுக்கு வந்துவிட்டது. அந்தப் பழைய ஒலி எங்கள் வாயில் இன்னும் இருப்பதால், ஆங்கிலச் சொல்லில் அதே ஒலி வரும்போது எங்களுக்கு 'ட' போதவில்லை. 'ற', 'ர' பக்கம் போகிறோம். ஒரு நடிகர் 'ஓம்' என்றும் 'வடிவு' என்றும் 'கதைக்கிறது' என்றும் எத்தனை தரம் சொன்னாலும், 'நேற்று' என்ற ஒரு சொல்லில் வெளியூரார் என்று பெரியம்மாவுக்குத் தெரிந்துவிடும். படம் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே என் காதுக்குள், "இந்தப் பிள்ளை எங்கட ஆள் இல்லை, ஆனா பழகிப் பேசுது" என்றார். சரியான தீர்ப்பு என்றுதான் எனக்கும் பட்டது.

சொற்களைப் பிடிப்பது சுலபம். ஒரு கிழமையில் நூறு சொல் மனப்பாடம் செய்துவிடலாம். கஷ்டம் வினையின் வாலில் இருக்கிறது. 'வரேன்' இல்லை, 'வாறன்'. 'வரலை' இல்லை, 'வரேல்லை'. 'என்ன செய்றீங்க' இல்லை, 'என்ன செய்யிறியள்'. அமைதியான காட்சிகளில் நடிகர்கள் இதைச் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். கோபமோ அழுகையோ வரும்போது வாய் பழைய இடத்துக்குப் போய்விடுகிறது. சசிகுமாரிடம் இதைக் கவனிக்கலாம். மெதுவாகப் பேசும்போது நம்ப முடிகிறது. குரல் உயர்ந்ததும் மதுரைப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. இளைய மகனாக வரும் கமலேஷ் எல்லோரையும்விட இலகுவாகப் பேசுகிறார் என்பது என் எண்ணம். சிறு பிள்ளைகளுக்கு இராகம் முதலில் வரும், சொல் பிறகு வரும் என்பதாலோ என்னவோ.

ஆனால் கோபப்படுகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எந்த இலங்கைத் தமிழ்? வன்னியிலேயே ஒரு பேச்சு இல்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி, குடியேற்றத் திட்டங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் பேச்சு ஒன்று. முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்கிறவர்களின் பேச்சு இன்னொன்று. 1958இலும் 1977இலும் நடந்த கலவரங்களில் அடிபட்டு மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் கிளிநொச்சி மலையாளபுரத்திலும் சாந்தபுரத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் 'வந்தாங்க', 'பேசுறாங்க' என்று சொல்வது சாதாரணம். அந்தக் குடும்பங்களில் ஒன்று சென்னைக்குப் போயிருந்தால் இந்தப் படத்தின் பயத்தில் பாதி இருந்திருக்காது; அவர்களுடைய பேச்சு அவர்களைக் காட்டிக்கொடுத்திருக்காது. தமிழ்நாட்டுப் படங்களில் 'இலங்கைத் தமிழ்' என்றால் யாழ்ப்பாணப் பேச்சு மட்டும்தான் என்று ஆகிவிட்டது. அந்தக் குறையை இந்த ஒரு படத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

பேச்சைப் பற்றி இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கதையில் பேச்சு வெறும் அலங்காரம் இல்லை. வாயைத் திறந்தால் அகப்பட்டுவிடுவோம் என்ற பயத்தின் மேல்தான் படத்தின் முதல் பாதி நடக்கிறது. அதனால் பேச்சு எங்கெல்லாம் நழுவுகிறதோ அங்கெல்லாம் எங்களைப் போன்ற பார்வையாளருக்குப் பதற்றம் ஒரு பிடி குறைந்துவிடுகிறது. சென்னையில் பார்ப்பவருக்கு அது தெரியாது. ஒரே காட்சியில் அவர் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்க, நாங்கள் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருப்போம்.

அடுத்தது, இவர்கள் ஏன் கிளம்பினார்கள் என்பது. படம் இதை ஒரு சில வரிகளில் கடந்துவிடுகிறது. இந்தியப் பார்வையாளர்களுக்கு அது போதும். நெருக்கடி என்றால் நெருக்கடி. இங்கே இருந்தவர்களுக்கு அந்தச் சொல்லுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. முல்லைத்தீவில் சின்ன எஞ்சின் பூட்டிய போட்டுகள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. 2022 ஆகஸ்ட்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக ஏறியது. ஒருவர் ஒரு நாள் தொழிலுக்கு 25 லீற்றர் எடுத்துப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பு அவருக்கு எண்ணெய்ச் செலவு 2,175 ரூபா. விலை ஏறிய பிறகு 8,500 ரூபா. வலையில் மீன் விழுமோ விழாதோ, அந்தக் காசு கரையை விட்டு வெளிக்கிடும் முன்னமே போய்விடும். இரண்டு நாள் வெறும் வலையோடு வந்தால் மூன்றாம் நாள் கடன். வயல் செய்தவர்களுக்கு இதற்கு முந்திய ஆண்டே அடி விழுந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்ததால், பயிருக்கு யூரியா போட வேண்டிய நேரத்தில் யூரியா இல்லை.

இந்தக் கணக்குத் தெரிந்தவர் படத்தின் தந்தையைப் பார்க்கும்போது, அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு படகேறியது அவசரப் புத்தி என்று நினைக்கமாட்டார். படம் இன்னும் ஐந்து நிமிடம் இங்கே நின்றிருக்கலாம் என்பது என் மனக்குறை. அந்த வீட்டு அடுப்படியை ஒரு தரம் காட்டியிருந்தால் போதும்.

கடலையும் படம் சுருக்கமாகத்தான் முடிக்கிறது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன், ஏனென்றால் இது கடலைப் பற்றிய படம் இல்லை. ஆனால் பார்க்கிறவருக்குப் பின்னணி தெரிந்திருந்தால் நல்லது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறக்குறைய 30 கிலோமீற்றர். இடையில் மணல் தீடைகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஏற்றிப் போகிற படகுக்காரர் பல வேளை அக்கரை வரைக்கும் போகமாட்டார். பிடிபட்டால் போட்டும் போகும், ஆளும் போவார். இந்தியப் பக்கத்துத் தீடை ஒன்றில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார். அங்கே குடிக்கத் தண்ணீர் இல்லை, நிழல் இல்லை. யாராவது கண்டு வந்து ஏற்றும்வரை குழந்தைகளை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். 2022 மார்ச் 22ஆம் தேதி, நெருக்கடி காரணமாக முதன்முதலில் போய்ச் சேர்ந்த 16 பேரில் ஆறு பேரை இந்தியக் கடலோரக் காவல்படை அப்படித்தான் ஒரு தீடையிலிருந்து மீட்டது. அதன் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்படிப் போனவர்கள் விசாரணைக்குப் பிறகு மண்டபம் முகாமுக்குத்தான் கொண்டுபோகப்பட்டார்கள். படத்துக் குடும்பம் முகாமுக்குப் போகவில்லை. இங்கேதான் படம் சொல்லாமல் விட்ட ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. தெரிந்துகொண்டு பார்த்தால் அவர்களுடைய பயம் இன்னும் நன்றாக விளங்கும். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே அங்கே சட்டத்தின் கண்ணில் 'அகதி' என்று தனியாக ஓர் ஆள் இல்லை. அனுமதியில்லாமல் வந்த வெளிநாட்டவர்தான் உண்டு. முகாமில் பதிந்தவருக்கு ஓர் அட்டை, மாதாந்த உதவிப் பணம், ஆள் கணக்கெடுப்பு என்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. முகாமுக்கு வெளியே சொந்தச் செலவில் இருப்பவர்கள் பொலிஸில் பதிந்திருக்க வேண்டும். படத்தில் வருகிறவர்கள் இந்த இரண்டிலும் இல்லை. எந்த ஏட்டிலும் அவர்களுடைய பெயர் இல்லை. வீடு வாடகைக்கு எடுப்பதும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும் ஒரு சிம் வாங்குவதும் அப்படிப்பட்டவருக்கு ஒவ்வொரு பரீட்சை. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களைத்தான் பேசுகிறது. இலங்கை அதில் இல்லை.

படம் இந்தப் பக்கத்தை நகைச்சுவையால் தாண்டிப் போகிறது. யோகிபாபு வந்தால் தாண்டிவிடலாம் என்ற நம்பிக்கை தெரிகிறது, பல இடங்களில் தாண்டியும் விடுகிறது. ஆனால் சட்டத்தின் கனத்தைக் குறைத்துக்கொண்டதால், பிறகு படம் அந்தக் கனத்தை நம்பி நிற்க வேண்டிய இடங்களில் கொஞ்சம் தள்ளாடுகிறது. எந்த இடங்கள் என்று சொன்னால் கதை உடையும். பார்த்தவர்களுக்கு விளங்கும்.

சரி, படம் எப்படி? எனக்குப் பிடித்தது. தயங்காமல் சொல்வேன். இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய படம், எங்கும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. சிம்ரன் ஒரு தாயாக, அழுது தீர்க்காமல், வீட்டை நடத்துகிற ஆளாக வருகிறார். புது வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு பெண்ணின் கண் எங்கெங்கே போகுமோ அங்கெல்லாம் அவருடைய கண் போகிறது. சசிகுமாரின் பாத்திரம் எல்லோருக்கும் உதவி செய்கிற மனிதர். எழுத்தில் இப்படிப்பட்டவர் சலிப்புத் தட்டிவிடுவார், அவர் நடிப்பில் சலிப்புத் தட்டவில்லை. மூத்த மகனாக வரும் மிதுன் ஜெய்சங்கருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். அந்த வயதில் நாட்டை விட்டுப் போகிறவனுக்குத்தான் இழப்பு அதிகம். வன்னியில் அப்படிப் பலரைப் பார்த்திருக்கிறேன். அவனுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் படம் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

இரண்டாம் பாதியில் இசை முந்திக்கொள்கிறது. நாங்களாகவே கண் கலங்கப் போகிற நேரத்தில் வயலின் வந்து, கலங்கு என்று சொல்கிறது. பாடல்கள் நன்றாக இருக்கின்றன, குறை அதில் இல்லை. ஒரு மனிதர் பேசாமல் நிற்கிற காட்சியைப் பேசாமலே விட்டிருக்கலாம் என்பதுதான் என் கருத்து. அப்புறம், நல்லதைச் செய்கிறவர்கள் அதை வாயால் விளக்குகிற இடங்களும் இரண்டு மூன்று உண்டு. செய்த பிறகு விளக்கம் எதற்கு?

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. இளைய மகனைப் படத்தில் முள்ளி என்று கூப்பிடுகிறார்கள். மற்ற ஊர்களில் அது ஒரு செல்லப் பெயர். யாழ்ப்பாணத் தியேட்டரில் எங்கள் ஒன்பது பேருக்கும் அது அப்படிக் கேட்கவில்லை. முதல் தரம் அந்தப் பெயர் திரையில் வந்தபோது பெரியம்மாவின் கை என் கையை வந்து பிடித்தது. கொஞ்ச நேரம் விடவில்லை. 2009இல் அவர் எங்கே இருந்தார் என்று நாங்கள் யாரும் அவரிடம் கேட்பதில்லை. படம் வெளியானதும் மே மாதத்தில். எங்கள் சந்திகளில் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிற மாதம் அது. படம் போரைப் பற்றிப் பேசுவதைப் பெரும்பாலும் தவிர்க்கிறது. பொருளாதாரம்தான் காரணம் என்று நிற்கிறது. வெளியில் அதைத் துணிவின்மை என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் வன்னியில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதும் உண்மை. வலையும் போட்டும் வீடும் 2009இல் போய், மீளக் குடியேறிக் கடன் எடுத்துத் திரும்ப வாங்கியவருக்குத்தான் 340 ரூபா மண்ணெண்ணெய் கழுத்தை நெரித்தது. சேமிப்பு இருந்தவர் தாங்கிக்கொண்டார். இந்தக் கண்ணியைப் படம் ஒரு வசனத்திலாவது கோத்திருக்க வேண்டுமா, அல்லது அந்தப் பெயர் ஒன்றே போதுமா? இதில் எனக்கு இன்னும் முடிவில்லை. மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க ஆசை.

என் பெரிய குறையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அந்தக் குடியிருப்பு. அங்கே இருக்கிறவர்கள் அளவுக்கு மிஞ்சி நல்லவர்களாக இருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. யார் என்று தெரியாத ஒரு குடும்பத்தை ஒரு தெரு இவ்வளவு சுலபமாகத் தனக்குள் எடுத்துக்கொள்ளுமா? திரும்பி வரும்போது, ஆனையிறவு தாண்டியதும் இதைச் சொன்னேன். பெரியம்மாவும் என் பக்கம்தான். "இப்பிடி ஒரு தெரு எங்கையும் இருக்கேலாது, படத்தில மட்டும்தான்" என்றார்.

முன் சீட்டில் இருந்த மாமா அதுவரைக்கும் ஒன்றும் பேசவில்லை. வானுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் கும்மிடிப்பூண்டி முகாமில இருக்கேக்க, றோட்டுக்கு அங்கால ஒரு மளிகைக் கடை. கடைக்காரருக்கு என்ர பேர் கடைசிமட்டும் தெரியாது. கொப்பியில 'சிலோன்காரர்' எண்டுதான் எழுதுவார். நான் ஊருக்கு வெளிக்கிடுற அண்டைக்குக் கணக்கு முடிக்கப் போனன். நாலாயிரம் சொச்சம் இருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழிச்சு என்ர கையில தந்திட்டார்."

"காசு வாங்கேல்லையோ?" என்று பெரியம்மா கேட்டார்.

"இல்லை. அந்தத் தாள் இப்பவும் வீட்டில கிடக்கு."

பரந்தன் சந்தி வரும்வரைக்கும் வானில் யாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை. என் குறையை நான் இன்னும் திரும்பப் பெறவில்லை. ஒரு கடைக்காரர் வேறு, ஒரு தெரு முழுக்க வேறு. மாமா அதற்கும் பதில் வைத்திருப்பார், அடுத்த கிழமை வவுனியா போகும்போது கேட்க வேண்டும். படத்தைப் பார்த்தவர்கள், முக்கியமாக அக்கரையில் ஒரு முகாமிலோ ஒரு தெருவிலோ சில வருடமாவது இருந்துவிட்டு வந்தவர்கள், உங்கள் தெரு எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள். மச்சான் நிறுத்திய இடத்திலேயே அது இருக்கட்டும், இன்னும் பார்க்காத பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள்.